'நீங்க' என்று தொடங்காமல் பணப் பேச்சைப் பேசுவது

தம்பதி ஆலோசனையில் நாங்கள் அடிக்கடி கேட்கும் சண்டை இது. கணவர் மனைவியிடம் சொல்லாமல் தம்பிக்கு 20,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். மனைவி, "உங்க வீட்டுக்குன்னா மட்டும் காசு எங்கிருந்தோ வந்துடும். என்னை எப்பவாவது ஒரு மனுஷியா மதிச்சிருக்கீங்களா?" என்கிறார். அந்த நொடியில் பணம் பின்னால் போய்விடுகிறது. கணவர் தன் குடும்பத்துக்காக வாதாடத் தொடங்குகிறார்.

அதே மனைவி தன் பக்கத்திலிருந்து இப்படிப் பேசலாம்: "தம்பிக்கு 20,000 போயிருக்கிறதை இன்னைக்குத்தான் பார்த்தேன். 10-ஆம் தேதி ஸ்கூல் ஃபீஸ் கட்டணுமே, எனக்குப் பயமாயிடுச்சு. கையில என்ன இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சாத்தான் எனக்கு நிம்மதி. இனிமே 5,000-க்கு மேல அனுப்புறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா?"

கண்ணால் பார்த்தது, மனதில் எழுந்தது, தனக்கு வேண்டியது, கேட்பது என்று நான்கும் அதில் இருக்கின்றன. அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பர்க் வகுத்த வரிசை இது. முதல் வாக்கியம்தான் கடினம். வங்கிக் குறுஞ்செய்தியில் இருப்பதை மட்டும் சொல்ல வேண்டும். "எனக்குத் தெரியாம மறைச்சு அனுப்பினீங்க" என்றால் அவருடைய நோக்கத்தையும் நாமே முடிவு செய்தாகிவிட்டது.

பெரும்பாலோர் வழுக்கும் இடம் அடுத்த வாக்கியம். "நீங்க என்னை மதிக்கலைன்னு எனக்குத் தோணுது" என்பதில் 'எனக்கு' இருந்தாலும், அது குற்றச்சாட்டுதான். 'தோணுது' என்பதை எடுத்துவிட்டுப் பாருங்கள், மிஞ்சுவது அவரைப் பற்றிய தீர்ப்பு. பயம், வருத்தம், தவிப்பு, கோபம் என்று உங்களுக்குள் இருப்பதன் பெயரைச் சொன்னால் அதை அவர் மறுக்க முடியாது.

கேட்பதும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். "இனிமே பொறுப்பா இருங்க" என்றால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. 5,000 என்ற எல்லை தெரியும்.

இவ்வளவு கவனமாகச் சொன்னாலும், "அவன் ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டான், நான் என்ன பண்ணுவேன்?" என்று அவர் சீறலாம். பலரும் இங்கேதான் பழைய பேச்சுக்குத் திரும்பிவிடுகிறார்கள். முதலில் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்: "அந்த நேரத்துல மறுக்க மனசு வரல, இல்லையா?" அவர் தணிந்த பிறகு கோரிக்கையை மறுபடி வையுங்கள். அவர் 10,000 என்று பேரம் பேசினால் அதையும் யோசியுங்கள். மறுக்க இடமில்லாத கோரிக்கை கட்டளையாகத்தான் காதில் விழும்.

நெஞ்சு படபடத்துக் குரல் ஏறினால் எந்த வாக்கியமும் உதவாது. "ராத்திரி ஒன்பது மணிக்குப் பேசலாம்" என்று நேரம் குறித்து எழுந்துவிடுங்கள். உடல் அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும். நேரம் சொல்லாமல் போனால் அவருக்கு அது புறக்கணிப்பு.

வாய் திறந்தாலே அடி விழும் வீட்டில் இந்த முறையை நாங்கள் சொல்லித்தருவதில்லை. அங்கே மனதில் உள்ளதைத் திறந்து சொல்வது அபாயத்தைக் கூட்டும். 181 மகளிர் உதவி எண்ணை அழைப்பதுதான் முதல் வேலை.