10 விநாடிக்கு ஓர் ஆட்சேபணை

போட்டித் தேர்வுக்கு முந்தைய மாதிரித் தேர்வு ஒன்றில் இந்தக் கணக்கு வந்தது. 180 மீட்டர் நீளமுள்ள ரயில் மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் போகிறது. எதிர்த்திசையில், பக்கத்துத் தண்டவாளத்தில், 220 மீட்டர் நீளமுள்ள ரயில் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று முழுமையாகக் கடக்க எத்தனை விநாடி ஆகும்? விடைகளாக 4.5, 5.5, 10, 40 என நான்கைக் கொடுத்திருந்தார்கள்.

வேகங்களைக் கூட்டினால் 144. அதை 5/18 ஆல் பெருக்கினால் விநாடிக்கு 40 மீட்டர். நீளங்களின் கூடுதல் 400 மீட்டர். ஆகவே 10 விநாடி. இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். விடைக்குறிப்பு வந்தபோது அதில் 5.5 என்று இருந்தது. போதாக்குறைக்குத் தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கிற தேர்வு அது.

பயிற்சி மைய அலுவலகத்தில் இருந்தவர் என் தாளைக் கையில்கூட வாங்கவில்லை. "விடைக்குறிப்பை நாங்கள் தயாரிப்பதில்லை. ஆட்சேபணை என்றால் சூத்திரம் அச்சான புத்தகப் பக்கத்தின் நகல் வேண்டும்" என்றார். நகல் எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். ஒரு பயனும் இல்லை. 220-ஐ 40-ஆல் வகுத்து 5.5 எடுத்தவரிடமும் சூத்திரம் இருக்கிறதே! சன்னலோரப் பயணி எதிர் ரயிலை எவ்வளவு நேரம் பார்ப்பார் என்ற கேள்விக்கு அது சரியான விடையும்கூட. சூத்திரத்தைச் சூத்திரத்தால் மறுத்தால் வழக்கு இழுத்துக்கொண்டே போகும். ஆட்சேபணை எழுதுபவர்கள் புத்தக நகலை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

அதனால் சூத்திரத்தை ஓரங்கட்டிவிட்டு, ரயில்கள் எங்கே நிற்கின்றன என்பதை எழுதிக் கொடுத்தேன். இரண்டு ரயில்களின் முன்முனைகளும் சந்திக்கிற இடத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ரயில் இடமிருந்து வலமாக விநாடிக்கு 15 மீட்டர் போகிறது. அந்தக் கணத்தில் அதன் வால் பூஜ்யத்துக்கு இடப்புறம் 180 மீட்டரில் இருக்கிறது. மற்றது வலமிருந்து இடமாக விநாடிக்கு 25 மீட்டர் வருகிறது. அதன் வால் வலப்புறம் 220 மீட்டரில்.

5.5 விநாடி கழித்துப் பார்ப்போம். முதல் ரயில் 82.5 மீட்டர் நகர்ந்திருக்கும். அதன் முன்முனை வலப்புறம் 82.5-இல், வால் இடப்புறம் 97.5-இல். இரண்டாவது ரயில் 137.5 மீட்டர் நகர்ந்திருக்கும். அதன் முன்முனை இடப்புறம் 137.5-இல், வால் வலப்புறம் 82.5-இல். அதாவது முதல் ரயிலின் முன்முனையில் இருக்கும் ஓட்டுநரை எதிர் ரயிலின் வால் இப்போதுதான் தாண்டுகிறது. ஆனால் அவருக்குப் பின்னால் அவருடைய ரயில் முழுவதும், 180 மீட்டரும், இன்னும் எதிர் ரயிலின் பக்கத்திலேயே இருக்கிறது! இதையா கடந்துவிட்டது என்பது?

10 விநாடியில் முதல் ரயில் 150 மீட்டரும் இரண்டாவது 250 மீட்டரும் நகர்ந்திருக்கும். இரண்டு வால்களும் இடப்புறம் 30 மீட்டரில் நேருக்கு நேர் வந்து பிரிகின்றன. முன்முனைகள் சந்தித்த இடத்தில் அல்ல என்பதையும் கவனியுங்கள். கணக்கைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை: ரயில்கள் தனித்தனியே ஓடிய தூரங்களைக் கூட்டினால் நீளங்களின் கூடுதல் வரவேண்டும். 150 + 250 = 400.

ஆசிரியர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "பயணியின் பார்வையில் 5.5 சரிதானே?" என்று கேட்டார். எந்த ரயிலின் பயணி, ஐயா? முதல் ரயிலில் இருப்பவருக்கு 5.5 விநாடி. இரண்டாவதில் இருப்பவர் 180 மீட்டர் ரயிலைப் பார்க்கிறார், அவருக்கு 4.5. அதுவும் விடைகளில் ஒன்றாக இருக்கிறதே! ஒன்றையொன்று கடக்கும் நேரம் என்பது இரண்டு ரயில்களுக்கும் ஒரே எண்ணாகத்தான் இருக்க முடியும். அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே பாதி எரிச்சல் அடங்கிவிட்டது.

இந்த வகைக் கணக்கில் யாரைக் கடக்கிறது என்ற சொல்லைத்தான் தேட வேண்டும். பயணி, கம்பம், மரம் என்றால் அவற்றுக்கு நீளம் இல்லை, கடக்கிற ரயிலின் நீளம் மட்டும் போதும். பாலம், நடைமேடை, இன்னொரு ரயில் என்றால் அந்த நீளமும் சேரும். 40 என்ற விடை, ஒரே திசையில் போவதாக எண்ணி வேகங்களைக் கழிப்பவர்களுக்காக வைத்த பொறி.

திருத்திய விடைக்குறிப்பில் 10 என்று போட்டார்கள். காரணம் எதுவும் எழுதவில்லை. கழித்த மதிப்பெண்ணைத் திரும்பச் சேர்க்க அதே அலுவலகத்தில் இன்னொரு விண்ணப்பம் கொடுக்க வேண்டியிருந்தது.