சைஸ் குறைந்தது, முத்திரை காணாமல் போனது: ஒரு பத்திர ஸ்கேன் அனுபவம்

வீட்டுக் கடனுக்காக அப்பா பெயரில் இருக்கும் மூலப்பத்திரத்தை வங்கியின் தளத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. மொத்தம் 42 பக்கம், உச்சவரம்பு 5 எம்பி. கடையில் 300 டிபிஐ கிரேஸ்கேலில் எடுத்துக் கொடுத்த பிடிஎஃப் 37 எம்பி வந்தது. கவுன்டரில் கேட்டேன். "சைஸைக் குறைச்சுட்டு வாங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். எப்படிக் குறைப்பது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

கடைக்காரரிடம் திரும்பிப் போனேன். "பிளாக் அண்ட் ஒயிட்ல போட்டா குட்டியாயிடும்ண்ணே" என்றார். சொன்ன மாதிரியே 1.7 எம்பிக்கு இறங்கியது, தளமும் வாங்கிக்கொண்டது. அப்புறம்தான் வங்கியின் பேனல் வக்கீலிடமிருந்து ஆட்சேபம் வந்தது: சார்பதிவாளர் முத்திரை தெரியவில்லை, சர்வே எண்ணின் உட்பிரிவு படிக்க முடியவில்லை, தெளிவான நகல் தேவை. அசலில் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. ஸ்கேனில்தான் இல்லை.

கருப்பு வெள்ளை என்பதே தவறில்லை. சொல்லப்போனால் பத்திரம் மாதிரியான எழுத்துப் பக்கங்களுக்கு அதுதான் சரி. அதற்கு மாற்றுகிற விதத்தில்தான் எல்லாமே கெடுகிறது. சைஸ் ஏன் இப்படி இறங்குகிறது என்று புரிந்துகொண்டால், எங்கே கெடும் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

ஒரு ஏ4 பக்கம் 300 டிபிஐயில் 2480க்கு 3508 பிக்சல், அதாவது சுமார் 87 லட்சம் பிக்சல். கிரேஸ்கேலில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 256 அளவுகளில் ஒன்று. அதற்கு 8 பிட் வேண்டும். சுருக்காமல் வைத்தால் 8.7 எம்பி. கருப்பு வெள்ளையில் பிக்சலுக்கு ஒரே பிட், ஆகவே 1.1 எம்பி. இது எட்டில் ஒரு பங்குதான். ஆனால் எனக்குப் பக்கத்துக்குக் கிடைத்தது 900 கேபிக்குப் பதில் 40 கேபி. மிச்ச வித்தியாசம் சுருக்கும் முறையிலிருந்து வருகிறது.

கிரேஸ்கேல் பக்கம் பெரும்பாலும் ஜேபெக் ஆகத்தான் பிடிஎஃப்புக்குள் போகிறது. ஜேபெக் புகைப்படத்துக்காகச் செய்தது. மெல்ல மெல்ல மாறும் நிழல்களை நன்றாகச் சுருக்கும். வெள்ளைத் தாளில் சட்டென்று தொடங்கும் கருப்புக் கோடு அதற்குச் சுமை. அதைவிடப் பெரிய சுமை தாள். நம் கண்ணுக்கு வெற்றிடமாகத் தெரியும் ஓரத்தில்கூட நாரும் கறையும் பின்பக்க எழுத்தின் நிழலும் இருக்கின்றன. ஸ்கேனர் அவற்றை 231, 228, 233 என்று விடாமல் பதிவு செய்கிறது. 37 எம்பியில் பெரும்பகுதி யாரும் படிக்கப்போகாத தாளின் சொரசொரப்புதான்.

கருப்பு வெள்ளைக்கு ஃபேக்ஸ் காலத்து முறை ஒன்று இருக்கிறது. 1984இல் வந்த குரூப் 4. அது ஒவ்வொரு பிக்சலையும் தனித்தனியாக எழுதுவதே இல்லை. ஒரு வரிசையில் நிறம் எங்கே மாறுகிறது என்பதை மேல் வரிசையோடு ஒப்பிட்டு, முடிந்தவரை வித்தியாசத்தை மட்டும் எழுதும். மாறும் இடம் மேல் வரிசையில் இருந்த அதே இடம் என்றால் ஒரே ஒரு பிட். ஒரு பிக்சல் நகர்ந்திருந்தால் மூன்று பிட். முழுதும் வெள்ளையான வரிசைக்குக் கீழே இன்னொரு வெள்ளை வரிசை வந்தால் அந்த 2480 பிக்சலுக்கும் சேர்த்து ஒரே பிட். அப்படியானால் வெறும் பக்கம் ஒன்றுக்கு 3508 பிட், அரை கேபிகூட இல்லை.

இதிலிருந்து கடைக்காரர்களுக்கும் தெரியாத ஒரு விஷயம் கிடைக்கிறது. செலவு முழுக்க எழுத்தின் விளிம்புகளுக்குத்தான், பரப்புக்கு அல்ல. டிபிஐயை இரட்டிப்பாக்கினால் பிக்சல் நான்கு மடங்காகும், ஆனால் விளிம்பின் நீளம் இரண்டு மடங்குதான் ஆகும். எனக்கு 300இல் 40 கேபி வந்த பக்கம் 600இல் 75 கேபிதான் வந்தது. ஆகவே சைஸ் பயத்தில் டிபிஐயைக் குறைக்காதீர்கள். கருப்பு வெள்ளையில் டிபிஐதான் ஒரே பாதுகாப்பு.

மறுபக்கமும் உண்டு. பக்கம் முழுக்கப் பொடிப் புள்ளிகள் இருந்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் விளிம்பு இருக்கிறது, குரூப் 4 திணறிவிடும். ஸ்கேனரில் சாம்பல் நிறத்தைப் புள்ளிகளாகத் தூவிக் காட்டும் 'ஃபோட்டோ' முறை இருந்தால் அதில் எடுத்த கருப்பு வெள்ளை, கிரேஸ்கேலையே தாண்டிவிடலாம். எழுத்துப் பக்கம் ஒன்று 200 கேபிக்கு மேல் போனால் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னணியில் தூசி மழை பெய்திருக்கும்.

சரி, என் பத்திரத்துக்கு என்ன ஆனது? கடை ஸ்கேனர் ஒரே எல்லைக்கோடு வைத்திருந்தது. அதைவிட வெளிச்சமானதெல்லாம் வெள்ளை, இருண்டதெல்லாம் கருப்பு. முத்திரையின் வெளிர் ஊதா மசி வெளிச்சப் பக்கம் விழுந்து மறைந்துவிட்டது. பத்திரத்தாளின் பச்சைச் சாயல் அடர்ந்த இடங்களில் இருண்ட பக்கம் விழுந்து, மேலே இருந்த எழுத்தை விழுங்கிவிட்டது. உட்பிரிவு எண் இருந்தது அந்த இடத்தில்தான்.

அதோடு ஸ்கேனர் மென்பொருளில் 'டீஸ்பெக்கிள்' என்ற தூசி நீக்கி இயங்கியிருந்தது. தமிழுக்கு இது விஷம். தட்டச்சு எழுத்தின் மெய்ப்புள்ளி 300 டிபிஐயில் நாலைந்து பிக்சல் அகலம்தான். மென்பொருளுக்கு அதுவும் தூசும் ஒன்று. கிரயப் பத்திரத்தில் 'பட்டவர்' என்பது 'படடவர' ஆகி நின்றது. ஆங்கிலப் பக்கத்தில் ஐ எழுத்தின் புள்ளி போனாலும் படித்துவிடலாம். நமக்கு வார்த்தையே போய்விடும். அந்த டிக்கை எடுத்துவிட்டுத்தான் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

இந்த முறை அசலைக் கையோடு எடுத்துப் போய், எல்லாப் பக்கத்தையும் 300 டிபிஐ கலரில், பிஎன்ஜி ஆகக் கேட்டு வாங்கினேன். பழைய 37 எம்பி கோப்பிலிருந்தே மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொன்னார், நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஜேபெக் எழுத்தைச் சுற்றி மங்கலான சிலிர்ப்பை விட்டிருக்கும், கருப்பு வெள்ளைக்கு மாற்றும்போது அது புள்ளிகளாக எழும்பும். கலர் எதற்கு என்றால், ஊதா மசி பச்சை ஒளியை உறிஞ்சுகிறது. படத்தின் பச்சை அடுக்கை மட்டும் பிரித்தெடுத்தால் முத்திரை கருமையாகும், அதே சமயம் தாளின் பச்சைச் சாயல் வெளுத்துவிடும். முத்திரை திரும்பி எழுந்துவந்ததைத் திரையில் பார்த்தபோது இவ்வளவு நாள் எரிச்சலும் இறங்கியது. நீல மசிக் கையெழுத்து என்றால் சிவப்பு அடுக்கைப் பாருங்கள்.

வீட்டில் இமேஜ்மேஜிக் என்ற பட மென்பொருளை வைத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓட்டியது இது:

```
mkdir -p final
magick p07.png -channel G -separate +channel \
  -resize 200% -lat 80x80-8% -type bilevel \
  -units PixelsPerInch -density 600 \
  -compress Group4 final/p07.tif
```

இதில் `-lat` தான் முக்கியம். பக்கம் முழுமைக்கும் ஒரே எல்லைக்கோடு வைக்காமல், ஒவ்வொரு பிக்சலையும் அதைச் சுற்றியுள்ள சதுரத்தின் சராசரியோடு ஒப்பிடுகிறது. சராசரியைவிட, முழு வெளிச்ச அளவில் 8 சதவீதத்துக்கு மேல் இருண்டிருந்தால் மட்டும் கருப்பு. சாயல் அடர்ந்த இடத்தில் சராசரியும் இறங்கிவிடுவதால் எழுத்து தப்பிக்கிறது. மங்கிய கோடுகள் அறுந்து தெரிந்தால் 8ஐ 5 ஆக்குங்கள். கோடுகள் திரும்பும், கூடவே கொஞ்சம் அழுக்கும் வரும். `-resize 200%` கருப்பு வெள்ளையாக்குவதற்கு முன்பே வர வேண்டும். சாம்பல் நிலையில் விளிம்பைப் பற்றிய நுணுக்கம் இன்னும் இருக்கிறது, அதை 600 டிபிஐக்கு விரித்த பிறகு வெட்டினால் 'கி'யும் 'கீ'யும் பிரிந்து நிற்கும். வெட்டிய பிறகு பெரிதாக்கினால் பல்லுப்பல்லாகத்தான் வரும்.

முத்திரையும் ரேகையும் அடர்ந்திருந்த 8 பக்கங்களை நான் கருப்பு வெள்ளையாக்கவே இல்லை. 200 டிபிஐ கிரேஸ்கேல் ஜேபெக் ஆக, தலா 250 கேபி அளவில் அதே ஃபோல்டரில் போட்டேன். ஒரே பிடிஎஃப்பில் இரண்டு வகைப் பக்கமும் இருக்கலாம். இது தெரியாமல்தான் பலரும் எல்லாவற்றையும் ஒரே அச்சில் திணிக்கிறார்கள். பிறகு சேர்ப்பது எளிது:

```
img2pdf final/p* -o pathiram.pdf
pdfimages -list pathiram.pdf
```

இமேஜ்2பிடிஎஃப் இந்த இரண்டு வகைக் கோப்புகளையும் மறுபடி சுருக்காமல் அப்படியே உள்ளே வைக்கும். இரண்டாவது வரி, ஒவ்வொரு பக்கமும் எப்படிச் சுருக்கப்பட்டது என்று `enc` பத்தியில் காட்டும். கருப்பு வெள்ளைப் பக்கங்களுக்கு `ccitt` என்று வந்தால் அதுதான் குரூப் 4.

அங்கே `jbig2` என்று வந்தால் நின்று யோசியுங்கள். அந்தச் சுருக்கும் முறை குரூப் 4ஐவிடச் சின்னதாக்கும், இழப்பில்லாத வகையாக இருந்தால் ஆபத்தும் இல்லை. இழப்புள்ள வகைதான் பயங்கரம். ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளைச் சேர்த்து, ஒரே வடிவத்தை எல்லா இடத்திலும் ஒட்டிவிடும். 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர், ஜெராக்ஸ் ஒர்க்சென்டர் இயந்திரங்கள் இதனால் எண்களையே மாற்றுவதைக் கண்டுபிடித்தார். ஒரு கட்டட வரைபடத்தில் 21.11, 17.42 என்று இருந்த அறைப் பரப்புகள் 14.13 என்று அச்சாகி வந்தன. மங்கலாகக்கூட இல்லை, தெளிவாகத் தப்பாக வந்தன. நம் பத்திரத்தில் 6 சென்ட் 8 சென்ட் ஆனால் யார் கண்டுபிடிப்பது? இணையத்தில் இலவசமாகச் சுருக்கித் தரும் தளங்கள் எந்த வகையைப் பயன்படுத்துகின்றன என்று வெளியே தெரியாது. சொத்துப் பத்திரத்தை அங்கே ஏற்றவே ஏற்றாதீர்கள்.

34 பக்கம் கருப்பு வெள்ளை, 8 பக்கம் கிரேஸ்கேல், மொத்தம் 4.6 எம்பி. ஏற்றுவதற்கு முன் தங்கையை உட்காரவைத்து, அசலில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் அவள் வாசிக்க, நான் திரையில் பார்த்தேன்: சர்வே எண், விஸ்தீரணம், ஆவண எண், தேதி, தொகை. சொத்தின் நான்கு எல்லை விவரங்களில் மெய்ப்புள்ளிகளையும் பார்த்தோம். ஒரு பக்கத்தில் மடிப்புக் கோட்டின் மேல் இருந்த 3 பாதி தேய்ந்திருந்தது. அந்தப் பக்கத்துக்கு மட்டும் 5 சதவீதம் வைத்து மறுபடி ஓட்டினேன்.

வக்கீல் இந்த முறை ஆட்சேபம் எதுவும் எழுதவில்லை. கலர் பிஎன்ஜிகளை இரண்டு இடத்தில் சேமித்து வைத்திருக்கிறேன். கருப்பு வெள்ளைக்குப் போனால் திரும்ப வழியில்லை. அடுத்து 2 எம்பிதான் ஏற்போம் என்று வேறு அலுவலகம் கேட்டால் இந்த 4.6 எம்பி கோப்பைத் தொடாமல், அந்தப் பிஎன்ஜிகளிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.