போட்டோவில் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட்டை எக்செல்லுக்குக் கொண்டுவந்த கதை

அம்மாவின் கணக்கில் பழைய மொபைல் எண் இருந்ததால், ஸ்டேட்மென்ட்டை மெயிலில் அனுப்ப முடியாது என்று கிளையில் கையை விரித்துவிட்டார்கள். அச்சடித்த தாள்தான் கிடைத்தது. ஆடிட்டருக்கோ எக்செல்தான் வேண்டும். அம்மா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சாதாரணமாக அனுப்பினால் எண்கள் மங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

கூகுள் லென்ஸில் எழுத்தைப் பிரித்து ஷீட்டில் ஒட்டியது சீக்கிரம் முடிந்தது. தேதி A, விவரம் B, பற்று C, வரவு D, இருப்பு E. ஆரம்ப இருப்பு E2-இல். பிறகு F3-இல் இதைப் போட்டுக் கீழே இழுத்தேன்:

```
=ROUND(E2-C3+D3-E3,2)
```

எல்லா வரியிலும் 0 வர வேண்டும். வரவில்லை. ஆனால் எந்த எண் வருகிறது என்று பார்த்தாலே தப்பு எங்கே என்று தெரிந்துவிடுகிறது.

ஒரு வரியில் 5000, அடுத்த வரியிலேயே -5000 வந்தது. இப்படி ஜோடியாக வந்தால் தொகை சரி, இருப்புதான் தப்பு. தாளில் 78,865.50 இருந்ததை லென்ஸ் 73,865.50 என்று படித்திருந்தது. மடிப்பு விழுந்த இடத்தில் 8-ம் 3-ம் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன.

இன்னொரு வரியில் 8000. அங்கே ஏடிஎம்மில் எடுத்தது 4,000. வித்தியாசம் தொகையைப் போல் சரியாக இரண்டு மடங்கு என்றால், பற்று வரவுப் பக்கம் போய்விட்டது என்று அர்த்தம். ஒட்டும்போது காலிக் கட்டங்கள் காணாமல் போய், தொகை பற்றா வரவா என்று தெரியாமல் நாமே கட்டம் மாற்றிப் போட்டுவிடுவதால் இது அடிக்கடி நடக்கும்.

ரொம்ப நேரம் தின்றது 17.70. எந்தத் தொகையோடும் ஒட்டவில்லை. அப்புறம்தான் பொறி தட்டியது: எஸ்எம்எஸ் கட்டணம் 15 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. போட்டோவைப் பெரிதாக்கினால் மடிப்புக்குள் அந்த வரி பாதி ஒளிந்திருந்தது. வித்தியாசம் ஒரே வரியில் தனியாக நின்றால், அந்தத் தொகையைத் தப்பாகப் படித்திருக்கும், இல்லை அதற்கு மேலே ஒரு வரியே விட்டுப்போயிருக்கும்.

கடைசி வரிவரை 0 வந்தபோது அவ்வளவு நிம்மதி! ஆனால் அந்த 0 தொகைகளுக்கு மட்டும்தான் சாட்சி. தேதி தப்பாக இருந்தாலும், வகை தப்பாகப் பிரித்திருந்தாலும் அது காட்டிக்கொடுக்காது.

வகை பிரிப்பதில் மின்கட்டணம், ஏடிஎம், வட்டி எல்லாம் விவரத்தில் தேடினாலே கிடைத்துவிடும். ஆள் பெயர் மட்டும் இருக்கும் யுபிஐ வரிகளுக்கு அம்மாவைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அம்மா தன் இன்னொரு கணக்குக்கு மாற்றிய பணத்தைச் செலவில் சேர்க்காமல் தனி வகையாக வைத்தேன். தோல்வியடைந்து திரும்பி வந்த யுபிஐ பணத்தையும் வருமானத்தில் போடாதீர்கள்; போன பணம் எந்த வகையோ அதே வகையில் போட்டால்தான் இரண்டும் கழிந்துபோகும்.