ஒரே சிப்பாய், பேனலுக்குப் பேனல் வேறு தலைப்பாகை

1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியை ஒரு பள்ளிக் கண்காட்சிக்காக, படங்களை ஏ.ஐ. மென்பொருளில் வரைய வைத்து, காமிக்ஸாகச் செய்து கொடுத்தேன். கதை, வசனம், வேலூர் லாங் பஜார் பக்கத்தில் அச்சு, எல்லாம் சுலபமாக முடிந்தது. உயிரை வாங்கியது அந்தச் சிப்பாயின் உடைதான். தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு, நெற்றிக் குறியை அழி, தாடியை ஒதுக்கு என்று போட்ட உத்தரவும் அந்தச் சண்டைக்கு ஒரு காரணம். அப்படியிருக்க, தலைப்பாகை பேனலுக்குப் பேனல் மாறினால் கதை என்னத்துக்கு ஆகும்?

முதல் பேனல் அருமையாக வந்தது. அடுத்ததில் கோட்டுக்குத் தங்க ஜரிகை. அதற்கடுத்ததில் தலையில் இறகு. வரலாற்று ஆசிரியை பார்த்துவிட்டு, "ஏன் சார், இவர் சிப்பாயா, கல்யாண மாப்பிள்ளையா?" என்றார். மென்பொருளில் சீட் (seed) என்ற எண்ணை மாற்றாமல் வைத்தால் போதும் என்று பலரும் சொல்வார்கள், நம்பாதீர்கள். படம் எந்தத் தாறுமாறான புள்ளிகளிலிருந்து உருவாகத் தொடங்குகிறதோ, அந்தத் தொடக்க இரைச்சலை மட்டும்தான் அது ஒன்றாக வைக்கும், காட்சியை விவரிக்கும் சொற்கள் மாறினால் உடையும் நழுவிவிடும். "தங்கம் வேண்டாம்" என்று பிராம்ப்டில் எழுதினால் பல சமயம் அந்தத் தங்கமே வந்து உட்காரும், என்ன இருக்க வேண்டுமோ அதை மட்டும் எழுதுங்கள்.

அதைவிட மோசம், ஒரு பேனலைக் காட்டி அடுத்ததை வரைய வைத்து, அதைக் காட்டி அதற்கடுத்ததை வரைய வைப்பது. ஒவ்வொன்றிலும் சின்னப் பிழை சேர்ந்து, கடைசியில் மார்பில் குறுக்காகப் போன இரண்டு வெள்ளைப் பட்டைகள் ஒரே பட்டையாகிவிட்டன. படம் வரைய வாங்கிய கிரெடிட்டும் போச்சு. மென்பொருள் கம்பெனிக்கு எழுதினால் எல்லோருக்கும் அனுப்பும் அதே பதில்தான்.

தப்பித்தது மாதிரித் தாளால். வெற்றுச் சாம்பல் பின்னணியில் அதே ஆள், முன்பக்கம், பக்கவாட்டு, முதுகுப்பக்கம். முதுகை விடவே கூடாது, அவன் கோட்டைக்குள் நடந்துபோகும் பேனலில் முதுகுதானே தெரிகிறது, இல்லையென்றால் மென்பொருள் தானாக எதையாவது கற்பனை செய்துவிடும். ஒவ்வொரு பேனலுக்கும் அந்தத் தாளைத்தான் கொடுத்தேன், உடை வரியையும் ஓர் எழுத்து மாறாமல் ஒட்டினேன்:

```
plain red coat, two white cross belts, round turban with leather cockade
```

அப்புறம் ஒரு தலைவலி: பக்கத்தில் நின்ற ஆங்கிலேய அதிகாரிக்கும் அதே தலைப்பாகை! அவரைத் தனியாக, தாளைக் காட்டாமல், இன்பெயின்ட் செய்ய, அதாவது படத்தில் அந்த இடத்தை மட்டும் மறைத்து மறுபடி வரைய வைக்க, வேண்டியதாயிற்று. தலைப்பாகையைத் திருத்தும்போது நெற்றியையும் கொஞ்சம் சேர்த்து மாஸ்க் போடுங்கள், ஒட்டு தெரியாது. மாற்றத்தின் அளவைப் பாதிக்குப் பக்கத்தில் வையுங்கள், குறைத்தால் ஒன்றும் மாறாது, ஏற்றினால் முகமே வேறு ஆளாகிவிடும்.

பொத்தான் எண்ணிக்கை மட்டும் கடைசிவரை ஒத்துவரவில்லை. குறுக்குப் பட்டையைக் கொஞ்சம் அகலமாக்கி மறைத்தேன். ராத்திரி பேனலில் சிவப்பு பழுப்பாகத் தெரிகிறதே என்று ஆசிரியை கேட்டார், அதை நான் மாற்றவில்லை. நிலா வெளிச்சத்தில் நிறம் மங்கலாம், பட்டையும் குஞ்சமும் இடம் மாறக்கூடாது என்றேன், ஒத்துக்கொண்டார்.