பட்டியே தூங்கிப்போச்சு

பாப்பாவுக்காக எங்க காங்கேயம் பக்கத்துப் பட்டியை வைத்து ஒரு தூக்கக் கதை வீடியோ செய்தேன். கோழி, ஆடு, கன்று என்று ஒவ்வொன்றாகப் படுக்கும். ஒவ்வொன்றும் படுத்ததும், "காத்தும் தூங்குச்சு, கண்ணும் தூங்குச்சு" என்று வரும்.

முதல் நாள் கன்று வரும்போதே அவளுக்குக் கண் சொருகியது. முடிவில் ‘நன்றி’ என்று பளிச்சென்று எழுத்தும் இசையும் வர, எழுந்து உட்கார்ந்து "இன்னொருக்கா" என்றாள்.

சரி என்று திருத்தினேன். 4 நொடிக்கு ஒரு படம் மாறியதை 12 நொடியாக்கி, ஒன்று அடுத்ததில் மெல்லக் கரைய விட்டேன். வெள்ளை நிலாவை மங்கலான விளக்கு மஞ்சளாக்கினேன். அந்த வரியின் சொல்லை மட்டும் தொடவில்லை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால்தான் பிள்ளை விழித்துக் காத்திருக்காது. ஆனால் ஒவ்வொரு முறையும் குரலைத் தணித்தேன், கடைசியில் வெறும் முனகல். அப்புறம் திரை இருண்டு, ஒரு நிமிடம் சில்வண்டுச் சத்தம் தேய்ந்து அடங்கும். சட்டென்று சத்தம் நின்றாலும் விழித்துக்கொள்வாள். அடுத்த வீடியோ தானாக ஓடாதபடியும் நிறுத்திவைத்தேன்.

நேற்று கோழிக்கு முழு வரியையும் கூடவே சொன்னாள். கன்றுக்கு "தூங்குச்சு" மட்டும். முனகலுக்கு உதடுதான் அசைந்தது. என் முந்தானையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.