இரண்டு பிட்டும் சரி, சேர்ந்தால் தவறு

நான் கைமாற்றாகப் பெற்றுக்கொண்ட ஒரு எஃப்.பி.ஜி.ஏ. வடிவமைப்பில் விசித்திரமான கோளாறு ஒன்று இருந்தது. சில பில்டுகளில் தரவு அடிக்கடி காணாமல் போகும். வேறு சில பில்டுகளில் ஒருமுறைகூடப் போகாது. இரண்டுக்கும் இடையே வெரிலாக் கோப்புகளில் மாற்றமே இருக்காது, அல்லது சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு மூலையில் ஒரு வரி மாறியிருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க லாஜிக் அனலைசர் ஒன்றைச் சேர்த்துக் கம்பைல் செய்தால், கோளாறு மறைந்துவிடும். 'திரும்பக் கம்பைல் செய்தால் சரியாகிவிடும்' என்பதே குழுவின் எழுதப்படாத தீர்வாக இருந்தது. அந்தத் தீர்வு வேலையும் செய்தது என்பதுதான் எரிச்சல்.

அமைப்பு எளியது. 50 மெகாஹெர்ட்ஸில் ஓடும் கட்டுப்பாட்டுப் பகுதியில் `mode` என்ற இரண்டு பிட் பதிவேடு. 125 மெகாஹெர்ட்ஸில், வேறொரு படிகத்திலிருந்து வரும் கிளாக்கில் ஓடும் பஃபர் பகுதி அதைப் படிக்கிறது. 00 என்றால் ஓய்வு, 01 என்றால் தரவைச் சேமி, 10 என்றால் சேமித்ததை வெளியே அனுப்பு, 11 என்றால் பஃபரைத் துடைத்துவிடு. மென்பொருள் 01 எழுதும், பிறகு 10 எழுதும். சில சமயம் 10 எழுதியபின் வெளியே வருவதற்கு எதுவுமே இருக்காது. பஃபர் காலி.

இரண்டு கிளாக்குக்கும் நடுவே சிங்க்ரனைசர் இருந்தது. பாடநூலில் உள்ள அதே இரட்டை ஃபிளிப்-ஃப்ளாப்:

```verilog
reg [1:0] s1, s2;
always @(posedge clk_b) begin
  s1 <= mode;
  s2 <= s1;
end
```

இந்த ஐந்து வரிகளைப் பார்த்துவிட்டு 'இங்கே பிரச்சினை இல்லை' என்று நகர்ந்தவர்கள் பலர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மெட்டாஸ்டபிலிட்டிக்கு எதிராக இது சரியான ஏற்பாடுதான். பிட் மாறும் கணத்திலேயே படிக்க நேர்ந்து முதல் ஃபிளிப்-ஃப்ளாப் 0-க்கும் 1-க்கும் இடையே தடுமாறினாலும், இரண்டாவது படிப்பதற்குள் அது 0 அல்லது 1 என்று ஒரு முடிவுக்கு வந்துவிட ஏறக்குறைய ஒரு முழுச் சுழற்சி அவகாசம் கிடைக்கிறது. ஆனால் எந்த முடிவுக்கு வரும், பழைய மதிப்புக்கா புதிய மதிப்புக்கா என்பதைச் சிங்க்ரனைசர் உறுதி செய்வதில்லை. தனி பிட்டுக்கு அது பொருட்டல்ல: இந்தச் சுழற்சியில் புதிய மதிப்பு வராவிட்டால் அடுத்ததில் வந்துவிடும். இரண்டு பிட்டுக்கு அது பெரும் பொருட்டு. மேலே உள்ள நிரலில் `[1:0]` என்று ஒரே மூச்சில் எழுதியிருந்தாலும், சில்லுக்குள் இருப்பவை ஒன்றையொன்று அறியாத இரண்டு சிங்க்ரனைசர்கள். ஒரே நாளில் தபாலில் போட்ட இரண்டு கடிதங்கள் வெவ்வேறு நாள்களில் வந்து சேர்வதைப் போல, ஒரு பிட் இந்தச் சுழற்சியிலும் மற்றது அடுத்த சுழற்சியிலும் வரலாம்.

01 என்பது 10 ஆகும்போது இரண்டு பிட்டும் மாறுகின்றன. மேல் பிட் முந்திக்கொண்டால் பெறும் பக்கம் ஒரு சுழற்சி நேரம் 11-ஐப் பார்க்கும். கீழ் பிட் முந்தினால் 00. அனுப்பும் பக்கத்தில் இந்த இரண்டு மதிப்பும் ஒரு கணம்கூட எழுதப்படவில்லை. பெறும் பக்கத்தில் பிறந்து அங்கேயே மறையும் மதிப்புகள் அவை. ஆயுள் 8 நானோ விநாடி. ஆனால் பஃபர் பகுதியில் `mode`-ஐப் படித்து இயங்கும் எங்கள் நிலைப்பொறிக்கு அது போதும். 11-ஐ ஒருமுறை பார்த்தவுடன் அது துடைக்கும் நிலைக்குள் போய், எல்லா முகவரிகளையும் துடைத்து முடித்த பிறகே `mode` என்னவென்று திரும்பிப் பார்க்கும். அப்போது அங்கே 10 சமர்த்தாக நின்றுகொண்டிருக்கும்.

இதற்கு மெட்டாஸ்டபிலிட்டியே தேவையில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. கோளாறு வந்த ஒரு பில்டில், அந்தப் பாதைகள் மீதிருந்த விதிவிலக்கைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு டைமிங் அறிக்கை எடுத்தோம். அனுப்பும் கிளாக்கின் விளிம்பிலிருந்து `mode[1]` 0.9 நானோ விநாடியில் எதிர்ப்பக்க ஃபிளிப்-ஃப்ளாப்பை அடைகிறது, `mode[0]` 2.1 நானோ விநாடியில். இடைவெளி 1.2. இந்த 1.2 நானோ விநாடிக்குள் பெறும் கிளாக்கின் விளிம்பு விழுந்தால், அது புதிய மேல் பிட்டையும் பழைய கீழ் பிட்டையும் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் சுத்தமாகப் பிடிக்கிறது. கிளாக்குகள் வெவ்வேறு படிகங்களிலிருந்து வருவதால், பெறும் விளிம்பு 8 நானோ விநாடிச் சுழற்சியில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். 1.2-ஐ 8-ஆல் வகுத்தால் 0.15. அதாவது 01-இலிருந்து 10-க்கு மாறும் ஏழு தடவைகளில் ஏறத்தாழ ஒரு தடவை பஃபர் துடைக்கப்படும். சோதனை மேசையில் பார்த்ததும் கிட்டத்தட்ட அதே விகிதம்தான்.

பில்டுக்கு பில்டு குணம் மாறியதன் காரணமும் இதிலேயே இருக்கிறது. பிளேஸ்-அண்ட்-ரூட் வேறு மாதிரி அமைந்த பில்டில் `mode[0]` முந்தி வந்தது. அதில் தோன்றிய பொய் மதிப்பு 00. நிலைப்பொறி ஒரு சுழற்சி ஓய்வுக்குப் போய், அடுத்த சுழற்சியில் அனுப்பும் நிலைக்கு வந்துவிடும். 'நல்ல' பில்டிலும் தவறு நடந்துகொண்டுதான் இருந்தது. அது யாருக்கும் வலிக்கவில்லை, அவ்வளவே. லாஜிக் அனலைசரைச் சேர்த்ததும் கோளாறு மறைந்தது, அது கம்பிகளின் நீளத்தை மாற்றியதால்.

சிமுலேஷனில் இது ஏன் ஒருபோதும் தெரியவில்லை? ஆர்.டி.எல். மட்டத்தில் கம்பிகளுக்குத் தாமதம் கிடையாது. இரண்டு பிட்டும் ஒரே கணத்தில் மாறும், இரண்டு சிங்க்ரனைசரும் ஒரே முடிவை எடுக்கும். ஆயிரம் மணி நேரம் ஓட்டினாலும் 11 வராது. ஆகவே சிமுலேஷனுக்கு மட்டும் முதல் படியை இப்படி மாற்றினோம்:

```verilog
always @(posedge clk_b)
  for (int i = 0; i < 2; i++) begin
    s1[i] <= (mode[i] !== prev[i] && $urandom_range(1))
             ? prev[i] : mode[i];
    prev[i] <= mode[i];
  end
```

சென்ற விளிம்புக்குப் பிறகு மாறிய ஒவ்வொரு பிட்டுக்கும் தனித்தனியே ஒரு நாணயச் சுண்டல். பாதி நேரம் பழைய மதிப்பையே இன்னும் ஒரு சுழற்சிக்குப் பிடித்துக்கொள்ளும். நிஜத்தைவிட இது கடுமையானது, ஆனால் பொய் சொல்வதில்லை. இதைப் போட்ட மாத்திரத்தில், பல மாதங்கள் பச்சையாக இருந்த ரிக்ரஷன் சோதனை சிவப்பானது.

திருத்தம் என்று முதலில் வந்த யோசனை மூன்றாவது ஃபிளிப்-ஃப்ளாப். இது ஏன் இத்தனை பேருக்கு இயல்பாகத் தோன்றுகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. பிட்டுகள் பிரிவது முதல் ஃபிளிப்-ஃப்ளாப்பிலேயே நடந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் எத்தனை படிகளை வரிசையாக வைத்தாலும், அதே 11 அதே அகலத்தோடு கொஞ்சம் தாமதமாக வந்து சேரும்.

அடுத்த யோசனையில் நியாயம் இருந்தது: தொடர்ந்து இரண்டு சுழற்சிகள் ஒரே மதிப்பு வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்வது. பொய் மதிப்பு ஒரு சுழற்சிக்கு மேல் நிற்காது என்றால் இது வேலை செய்யும். ஆனால் அந்த 'என்றால்' எதன்மீது நிற்கிறது? இரண்டு கம்பிகளின் தாமத வித்தியாசம் 8 நானோ விநாடியைவிடத் தெளிவாகக் குறைந்திருப்பதன்மீது. எங்கள் கட்டுப்பாட்டுக் கோப்பில் இரு கிளாக்குகளுக்கும் இடையே `set_clock_groups -asynchronous` என்று இருந்தது. அந்த ஒரு வரி, இந்தப் பாதைகளை எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் இழுத்துக்கொள் என்று கருவிக்குக் கொடுத்த அனுமதி. இன்று 1.2, நிரம்பிவழியும் ஒரு சில்லில் நாளை எவ்வளவோ. `set_bus_skew` போட்டு வித்தியாசத்துக்கு வரம்பு கட்டினால்தான் அந்த வடிகட்டிக்கு அர்த்தம் உண்டு.

கிரே குறியீடும் பேச்சில் வந்தது. எண்ணிகளுக்கு அது அருமையானது: ஒவ்வோர் அடியிலும் ஒரே ஒரு பிட் மாறுவதால், கிடைப்பது பழைய எண் அல்லது புதிய எண், மூன்றாவதாக ஒன்று இல்லை. ஆனால் `mode` எண்ணி அல்ல. மென்பொருள் எதிலிருந்து எதற்கும் தாவும்.

கடைசியில் செய்தது, இரண்டு பிட்டையும் சிங்க்ரனைஸ் செய்வதையே கைவிட்டது. இப்போது எல்லையைச் சிங்க்ரனைசர் வழியே கடப்பது ஒரே ஒரு பிட். அனுப்பும் பக்கம் `mode`-ஐ எழுதிவிட்டு, ஒரு டாகிள் பிட்டைப் புரட்டுகிறது. அந்த டாகிள் இரட்டை ஃபிளிப்-ஃப்ளாப்பைக் கடந்து, அதன் மாற்றம் மறுபக்கத்தில் தெரியும்போது, `mode`-இன் இரண்டு பிட்டும் நேரடியாகப் பிடிக்கப்படுகின்றன. அவை அசையாமல் நிற்கும் நேரம் அது என்பதால் தடுமாற எதுவுமில்லை. இதற்கு மூன்று பெறும் சுழற்சிகள்வரை ஆகும். அதாவது 24 நானோ விநாடி. அனுப்பும் பக்கத்தின் ஒரு சுழற்சி 20 தான். எனவே `mode`-ஐ ஒரே சுழற்சி பிடித்துவைத்தால் போதாது. மறுபக்கத்திலிருந்து ஒப்புதல் பிட் திரும்பி வரும்வரை அடுத்த மதிப்பை எழுதக் கூடாது. தரவுக் கம்பி டாகிளைவிடப் பின்தங்கிவிடாமல் இருக்க `set_max_delay -datapath_only` கொண்டு 8 நானோ விநாடி வரம்பு வைத்தோம். நாங்கள் கம்பைல் செய்யும் விவாடோ கருவியில் `set_clock_groups` இருந்தால் அது இந்த வரம்பை அமுக்கிவிடும் என்பதால், அந்த வரியை எடுத்துவிட்டுப் பாதைகளுக்குத் தனித்தனியே விதி எழுத வேண்டியிருந்தது. வேலையில் பெரும்பகுதி வெரிலாக்கில் அல்ல, இந்தக் கோப்பில்தான் போயிற்று.

கிளாக் எல்லையைக் கடக்கும் சிக்னல்களைச் சரிபார்க்கும் சி.டி.சி. சோதனைக் கருவி இதை முன்பே சொல்லவில்லையா என்று கேட்கலாம். சொல்லியிருந்தது. ஒவ்வொரு பிட்டுக்கும் 'சிங்க்ரனைசர் உள்ளது' என்று பச்சை வரி. வேறொரு பிரிவில் 'மறுசேர்க்கை' என்ற எச்சரிக்கை. அந்தப் பிரிவில் நூற்றுக்கணக்கான வரிகள் இருந்ததால் மொத்தமாக விலக்கு கொடுத்திருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை உண்மையில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பிட்டுகள், விலக்கத்தக்கவையே. மேலும் பிட்டுகள் எத்தனை ஃபிளிப்-ஃப்ளாப் தள்ளிச் சந்தித்தால் எச்சரிக்க வேண்டும் என்ற ஆழத்தை நாம்தான் அமைக்கிறோம். அதைக் கூட்டியபோது புதிதாக இன்னொன்று கிடைத்தது: `abort` என்ற சிக்னல், தனி சிங்க்ரனைசர் வழியே வந்து, பல படிகள் தள்ளி அதே நிலைப்பொறியில் `mode`-உடன் சேர்கிறது.

அதை டாகிளுக்குள் அடக்க முடியவில்லை. `abort` மூன்றாவது ஒரு கிளாக்கிலிருந்து வருகிறது. அதற்கும் `mode`-க்கும் எது முன், எது பின் என்ற உறவே மூலத்தில் கிடையாது. ஆகவே நிலைப்பொறியை மூன்று வரிசைக்கும் தயாராக எழுதினோம்: `abort` முதலில், `mode` முதலில், இரண்டும் ஒரே சுழற்சியில். மூன்றிலும் பொறி ஒரே இடத்தில் போய் நிற்க வேண்டும். துடைக்கும் கட்டளையையும் 11-இலிருந்து எடுத்து, தனிப் பதிவேட்டில் வைத்துவிட்டோம்.