வாட்ஸ்அப் படிப்புக் குழுவில் பாடக் குறிப்பை வாசிக்கும்படி எழுதுவது: என் அனுபவம்

தேர்வுக்குப் படித்த நாட்களில் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு இயற்பியல் குறிப்புகளை அனுப்பும் பொறுப்பு என்னிடம் இருந்தது. 6 ஓம், 3 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் இணைக்கும் கணக்கை ஒரே பத்தியாக எழுதி அனுப்பியபோது, படித்த தோழி விடையை 0.5 என்று குறித்துக்கொண்டாள். என் கணக்கில் தவறில்லை. கைபேசித் திரையில் ஒரு வரிக்கு நான்கைந்து தமிழ்ச் சொற்களே அடங்குவதால், இடையில் வந்த 3/6 என்ற எண்ணே முடிவு போலக் கண்ணில் பட்டு, அதைத் தலைகீழாக்கும் கடைசிப் படி பத்தியின் அடியில் மறைந்துவிட்டது. அதையே பிறகு இப்படித் தட்டச்சு செய்தேன்:

```
*பக்க இணைப்பு: 6 Ω, 3 Ω*

- 1/R = 1/6 + 1/3 = 3/6
- தலைகீழாக்கினால் R = 6/3
- விடை: *2 Ω*

3/6 என்பது 1/R மட்டுமே.
```

இதில் தடித்த எழுத்து இரண்டே இடங்களில் வருகிறது: தலைப்பு, விடை. நான் முதலில் எல்லாச் சூத்திரங்களையும் தடிமனாக்கிப் பார்த்தேன். எல்லாமே தடித்திருந்தால் எதுவும் தனித்துத் தெரிவதில்லை, போதாததற்குச் சிறிய அளவில் தமிழின் சுழிகளும் புள்ளிகளும் அடைத்துக்கொண்டு வாசிக்கவே சிரமமாகிறது.

வாட்ஸ்அப்பில் சொல்லின் இருபுறமும் ஒவ்வொரு நட்சத்திரக் குறி இட்டால் அது தடிமனாகும். அந்தக் குறி வேலை செய்யாமல் அப்படியே திரையில் நின்றால், பெரும்பாலும் குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கும், அல்லது குறி ஒரு வரியில் தொடங்கி அடுத்த வரியில் முடிந்திருக்கும். ஒவ்வொரு வரிக்கும் தனியாகக் குறி இட வேண்டும். தமிழுக்கே உரிய சிக்கலும் ஒன்று உண்டு. `*மின்தடை*யை` என்று வேற்றுமை உருபை வெளியே ஒட்டினால் தடிமன் ஆகாமல் போகலாம் என்பதால், `*மின்தடையை*` என்று முழுச் சொல்லையும் உள்ளே வைப்பதே நல்லது. பெருக்கலுக்கு நட்சத்திரம் இடாமல் × குறியைப் பயன்படுத்தினால் குழப்பமே வராது. டெலிகிராமில் தடித்த எழுத்துக்கு இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரங்கள் தேவை. ஆகவே வாட்ஸ்அப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது ஒற்றைக் குறிகள் வெறும் குறிகளாகவே நிற்கும்.

பட்டியலுக்கு வரியின் தொடக்கத்தில் சிறுகோடும் ஓர் இடைவெளியும் போதும். ஆனால் ஒரு படியிலிருந்து அடுத்தது ஏன் பிறக்கிறது என்று விளக்கும் பகுதியைப் பட்டியலாக உடைக்கக் கூடாது என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்லும் `ஆகவே` அங்கே காணாமல் போகிறது. அத்தகைய விளக்கத்தை இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு ஒருமுறை வெற்று வரி விட்டுப் பிரிப்பேன்.

கணினியில் எழுதும்போது புது வரிக்கு Shift + Enter அழுத்த வேண்டும். Enter மட்டும் அழுத்திப் பாதிக் கணக்கை அனுப்பிவிட்டு நான் பலமுறை விழித்திருக்கிறேன். அதன் பிறகு எதையும் முதலில் எனக்கே அனுப்பி, கைபேசியில் ஒருமுறை பார்த்த பின்னரே குழுவில் இட்டேன்.